எண்ணும் இடைவெளியும்: ஒரு பாதுகாப்புப் பயிற்சி வீடியோவை எடிட் செய்வது

பழுதுபார்க்கும் முன் இயந்திரத்தைப் பூட்டி வைக்கும் முறையைக் கற்பிக்கும் வீடியோக்களை எடிட் செய்வது என் வேலையில் பெரும்பகுதி. தொழிற்சாலைகளில் இதை லாக்அவுட் டேகவுட் என்பார்கள். ஒரு இயந்திரத்துக்குள் கை வைப்பதற்கு முன், அதற்கு வரும் மின்சாரம், அழுத்தக் காற்று, நீராவி என எல்லா வழிகளையும் அடைக்க வேண்டும். அடைத்த இடத்தில் வேலை செய்பவர் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய டேகைத் தொங்கவிட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். அவர் வெளியே வந்து பூட்டைத் திறக்கும்வரை வேறு யாரும் இயந்திரத்தை ஓட்ட முடியாது.

மற்ற வீடியோக்களில் எடிட்டர் தயங்காமல் வெட்டித் தள்ளுவது காத்திருக்கும் நேரத்தைத்தான். ஒருவர் கதவை நோக்கி நடப்பதும், அழுத்தமானியின் முள் மெதுவாக இறங்குவதும் யாருக்கும் வேண்டாம். ஆனால் பாதுகாப்புச் செய்முறையில் காத்திருப்பதும் ஒரு வேலை. அதை வெட்டினால் செய்முறையையே மாற்றிவிடுகிறோம். வெட்டியது நமக்குத் தெரியும். பார்க்கிறவருக்குத் தெரியாது. வால்வைத் திறந்தவுடன் அழுத்தம் போய்விடும் என்று நினைத்துக்கொண்டுதான் அவர் இயந்திரத்தின் முன் நிற்பார்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்க்கலாம். அட்டைப்பெட்டிகளை நகர்த்தும் ஒரு பெல்ட் கன்வேயர். மின் மோட்டாரில் ஓடுகிறது. பக்கத்தில் காற்றில் இயங்கும் ஒரு சிலிண்டர் இருக்கிறது, அது பெட்டிகளைப் பக்கவாட்டில் தள்ளும். கன்வேயரை ஓட்டுவதும் நிறுத்துவதும் ஒரு செலக்டர் சுவிட்ச். உருளையில் சிக்கிய பெட்டியை எடுக்க வேண்டுமானால் எப்படிப் பூட்ட வேண்டும் என்று இயந்திரத்தின் அருகே ஓர் அட்டை தொங்குகிறது. அதில் எட்டுப் படிகள். அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தகவல் சொல்வது முதல் படி. சுவிட்சை OFF பக்கம் திருப்பி இயந்திரத்தை வழக்கம்போல் நிறுத்துவது இரண்டாவது. மின்சார ஐசொலேட்டரை அணைப்பது மூன்றாவது, காற்று வரும் வால்வை மூடுவது நான்காவது. அந்த இரண்டு இடங்களிலும் பூட்டும் டேகும் போடுவது ஐந்தாவது. குழாயிலும் சிலிண்டரிலும் தேங்கிய காற்றை வெளியேற்றி, அழுத்தமானியின் முள் பூஜ்யத்துக்கு வந்ததைப் பார்ப்பது ஆறாவது. செலக்டர் சுவிட்சை ON பக்கம் திருப்பி, இயந்திரம் ஓடவில்லை என்று சோதிப்பது ஏழாவது. அந்தச் சுவிட்சை மீண்டும் OFF பக்கம் கொண்டுவருவது எட்டாவது.

படப்பிடிப்பிலிருந்து வரும் காட்சிகள் இந்த எட்டுக்குள் ஒழுங்காக உட்காராது. ஒளிப்பதிவாளர் ஐசொலேட்டரை ஒரு ஷாட்டாகவும், அதில் பூட்டுப் போடுவதை அதே ஷாட்டின் தொடர்ச்சியாகவும் எடுத்திருப்பார். வால்வுக்குத் தனி ஷாட். அதிலும் மூடுவதும் பூட்டுவதும் சேர்ந்தே இருக்கும். ஷாட்டுக்கு ஓர் எண் என்று வைத்தால் வேறொரு வரிசை கிடைக்கும். அட்டையில் ஐந்தாவதாக இருக்கும் பூட்டு, வீடியோவில் மூன்றிலும் நான்கிலும் பாதிப் பாதியாக வந்துவிடும். அப்புறம் மேற்பார்வையாளர் "ஐந்தாவது படி முடிந்ததா?" என்று கேட்டால், வீடியோ பார்த்துக் கற்றவரும் அட்டையைப் படித்தவரும் வேறு வேறு வேலையை மனதில் வைத்துக்கொண்டு "முடிந்தது" என்பார்கள்.

அதனால் டைம்லைனில் முதல் வெட்டு விழுவதற்கு முன்பே அட்டையின் படத்தைத் திரையின் ஓரத்தில் வைத்துவிடுவேன். எண்கள் அட்டையிலிருந்துதான் வரும். காட்சிகள் அட்டைக்கு அடங்காவிட்டால், பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்பேன். இயந்திரத்துக்கு முன் நின்று செய்யும்போது எது இயல்பான வரிசை என்று சில நேரம் படப்பிடிப்பில்தான் தெரியவரும். மூன்றில் அணைத்தவுடனே அங்கேயே பூட்டுவதுதான் சரி என்று அவர் முடிவு செய்தால், அட்டையை மாற்றி அச்சடித்த பிறகு வீடியோவை மாற்றலாம். இந்தக் கன்வேயருக்கு அட்டையின் வரிசையையே வைத்துக்கொண்டு, ஐந்தாவது படியை மட்டும் மறுபடி எடுக்கச் சொன்னோம். தொழிலாளி இரண்டையும் மூடிவிட்டு வந்து, இரண்டு இடத்திலும் பூட்டுப் போடுகிறார். பழைய ஷாட்டை வேறு எங்கும் கலக்க முடியாது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். அதில் நான்காவது படியிலேயே வால்வில் பூட்டு தொங்குகிறது. ஒரு நொடி தெரிந்தாலும் வரிசை கெட்டுவிடும்.

எட்டாவது படிக்குத் தனி எண் தேவையா என்று ஒவ்வொரு முறையும் கேள்வி வரும். சோதிப்பதும் சுவிட்சைத் திருப்பி வைப்பதும் ஒரே அசைவுதானே என்பார்கள். நான் விடாமல் வாதாடும் இடம் இது. ON பக்கம் நிற்கும் சுவிட்சை அப்படியே விட்டுவிட்டுப் போனால், வேலை முடிந்து பூட்டைத் திறந்து மின்சாரம் கொடுத்த அடுத்த கணம் பெல்ட் தானாக ஓடத் தொடங்கலாம். அது நடப்பது பூட்டும் நேரத்தில் அல்ல, திறக்கும் நேரத்தில். அப்போது இந்தச் சுவிட்ச் யாருக்கும் நினைவிருக்காது. சொந்த எண் இல்லாத செயலை மனம் முந்தைய எண்ணோடு ஒட்டி முடித்துவிடும். "பெல்ட் ஓடவில்லை, சோதனை முடிந்தது" என்ற நிம்மதியில் கை நின்றுவிடும்.

அதே காரணத்துக்காக, செயல் அல்லாத எதற்கும் எண் கொடுப்பதில்லை. "அவசர நிறுத்தப் பொத்தானை நம்பிக் கை வைக்காதீர்கள்" என்பது முக்கியமான எச்சரிக்கை. அந்தப் பொத்தான் கட்டுப்பாட்டுச் சுற்றைத்தான் நிறுத்துகிறது. மின்சாரம் வரும் வழியை அது பூட்டி வைப்பதில்லை. ஆனால் அது கையால் செய்து முடிக்கும் படி அல்ல. அதற்கு எண் கொடுத்தால் அட்டையின் எட்டு வீடியோவில் ஒன்பதாகிவிடும். எச்சரிக்கைக்கு வேறு வடிவம், வேறு இடம் வேண்டும்.

எண் எப்போது திரையில் வர வேண்டும் என்பது அடுத்த விஷயம். கை அசையத் தொடங்கும் அதே ஃப்ரேமில் எண்ணையும் கொண்டுவந்தால், கண் எண்ணைப் படிக்க மூலைக்குப் போய்த் திரும்புவதற்குள் செயலின் தொடக்கம் போய்விடும். ஐசொலேட்டரின் கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பியது என்பதே தெரியாமல் போகும். நான் எண்ணை ஏறக்குறைய ஒரு விநாடி முன்பே கொண்டுவருவேன். வினாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் 25 ஃப்ரேம். அந்த ஒரு விநாடியில் கை எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கும். குரல் "மூன்றாவது படி" என்று சொல்லும், கண் எண்ணைப் பார்த்துவிட்டுக் கைப்பிடிக்குத் திரும்பும், அதன் பிறகு கை அசையும். படப்பிடிப்பில் ஒவ்வொரு செயலுக்கும் முன்னும் பின்னும் இரண்டு மூன்று விநாடி அசையாமல் நிற்கச் சொன்னால் இதெல்லாம் எளிது. சொல்லத் தவறினால் பிறகு ஃப்ரேமை உறைய வைத்துத்தான் நேரத்தை உண்டாக்க வேண்டும்.

வந்த எண் அடுத்த படி தொடங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். பாதியில் மறையும் எண்ணால் பயனில்லை. வேலைக்கு நடுவே திரையைப் பார்க்கிறவர் "நாம் எந்தப் படியில் இருக்கிறோம்" என்றுதான் தேடுகிறார். மொத்தத்தையும் சேர்த்து "4 / 8" என்று காட்டுவது எனக்குப் பிடிக்கும். இன்னும் எத்தனை பாக்கி என்று தெரிந்தவர் ஆறாவது படியோடு வேலை முடிந்துவிட்டதாக நினைக்க மாட்டார்.

இடத்தைப் பொறுத்தவரை, எண் எப்போதும் ஒரே மூலையில். நான் வைப்பது மேல் இடது. கீழ்ப்பகுதியில் வசன எழுத்து வரும், வீடியோவை நிறுத்தினால் இயக்கிப் பட்டையும் அங்கேதான் வரும். தொலைக்காட்சித் திரைகளில் ஓரம் வெட்டுப்படாமல் இருக்க, ஒவ்வொரு பக்கமும் 5 சதவீதம் விட்டு எழுத்துகளை வைப்பது ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் பரிந்துரை. 1920 க்கு 1080 அளவில் அது பக்கவாட்டில் 96 புள்ளிகள், மேலே 54. பயிற்சி அறையில் எந்தக் காலத்துத் திரை மாட்டியிருக்கும் என்று தெரியாது என்பதால் அந்த ஓரத்தை விட்டுவிடுகிறேன். பொருளைச் சுட்டும் வளையமும் அம்பும் மட்டும் பொருள் இருக்கும் இடத்துக்குப் போகும். அவை பூட்டையோ அழுத்தமானியின் முள்ளையோ மறைக்கக் கூடாது. மறைப்பதற்கு வாய்ப்பில்லை என்று தோன்றும், ஆனால் கைபேசித் திரையில் பார்த்தால் தடித்த வளையத்துக்குள் முள்ளே தெரியாது.

நிறத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. பணியிடப் பலகைகளில் சிவப்பு தடையை, மஞ்சள் எச்சரிக்கையை, நீலம் கட்டாயம் செய்ய வேண்டியதை, பச்சை பாதுகாப்பான நிலையைக் குறிக்கும். ISO 3864 தரம் இப்படித்தான் பிரிக்கிறது. தொழிற்சாலையில் வேலை செய்கிறவரின் கண் இதற்குப் பழகியிருக்கிறது. படி எண்ணை அழகுக்காகச் சிவப்பு வட்டத்தில் போட்டால் "செய்யாதே" என்ற வாசனை அதில் ஏறிவிடும். செய்ய வேண்டிய செயல் என்பதால் நீல வட்டத்தில் வெள்ளை எண் போடுகிறேன். மேலே சொன்ன அவசரப் பொத்தான் எச்சரிக்கை மஞ்சளில் வரும்.

எண்ணோடு எழுத்தும் வரும்போது அதைச் சுருக்கமாக வைப்பது நல்லது. குரல் முழு வாக்கியமாகச் சொல்லட்டும், திரையில் "காற்று வால்வை மூடவும்" என்ற அளவு போதும். சொல்வதையே வார்த்தைக்கு வார்த்தை திரையிலும் எழுதினால், பார்க்கிறவர் படிப்பதிலேயே இருந்து கையைப் பார்க்க மறந்துவிடுவார். தமிழ் எழுத்துகளைப் போடும்போது இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். சில எடிட்டிங் மென்பொருள்கள் ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் எழுத்துக்குப் பின்னால் தள்ளிவிடும். "செலக்டர்" என்ற சொல்லைத் தட்டிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

எண்களையும் எழுத்தையும் படத்தோடு சேர்த்து ஏற்றுமதி செய்துவிடாமல் தனி அடுக்கில் வைத்திருப்பது பிறகு பெரிய உதவி. குரல் பதிவிலும் "நான்காவது படி" என்பதைத் தனியாகவும், செயலை விளக்கும் வாக்கியத்தைத் தனியாகவும் பதிவு செய்யச் சொல்வேன். ஒரு வருடம் கழித்து இயந்திரத்தில் இன்னொரு காற்று இணைப்பு சேர்ந்து எட்டு ஒன்பதானால், "படி" என்ற துண்டுகளை மட்டும் நகர்த்தினால் போதும். இல்லாவிட்டால் செயல்முறை மாறியும் பழைய எண்ணோடு வீடியோ ஓடிக்கொண்டே இருக்கும், மறுபதிவுக்குச் செலவாகும் என்ற ஒரே காரணத்துக்காக.

இனி இடைநிறுத்தம். பயிற்சி வீடியோவில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு இடைநிறுத்தங்கள் இருக்கின்றன. ஒன்று கற்பவருக்கானது. பார்த்ததை மனதில் வாங்கிக்கொள்ள நாம் கொடுக்கும் சில விநாடிகள். இன்னொன்று இயந்திரத்துக்கானது. காற்று வெளியேற, சுழலும் சக்கரம் நிற்க, சூடான பாகம் ஆற எடுக்கும் நேரம். முதலாவதில் உலகம் நின்றுவிட்டதாகப் பாவனை செய்கிறோம். இரண்டாவதில் உலகம் ஓடிக்கொண்டிருக்கிறது, நாம்தான் கை வைக்காமல் நிற்கிறோம். இரண்டையும் ஒரே மாதிரிக் காட்டினால் கற்பவர் இரண்டாவதையும் வீடியோவின் வசதிக்கான இடைவெளி என்றே எடுத்துக்கொள்வார்.

நம் கன்வேயரின் ஆறாவது படியைப் பாருங்கள். தேங்கிய காற்றை வெளியேற்றும் வால்வைத் திறந்ததிலிருந்து முள் பூஜ்யத்துக்கு வர அந்த இயந்திரத்தில் நாற்பது விநாடி ஆகிறது. முழுதாக ஓடவிட்டால் நீளமாக இருக்கிறது என்று வீடியோவைக் கேட்டவர்கள் சொல்வார்கள். வால்வைத் திறக்கும் ஷாட்டிலிருந்து பூஜ்யத்தில் நிற்கும் முள்ளுக்கு நேரே வெட்டுவது எளிது, ஆனால் அதைச் செய்யவே கூடாது. வேகமாக ஓட்டுவதும் ஆபத்துதான். நான்கு மடங்கு வேகத்தில் ஓடும் முள் பத்து விநாடியில் இறங்கும், பார்க்கிறவர் அதையே உண்மை வேகமாக நினைப்பார், ஏனென்றால் அசையாத சட்டகத்தில் முள் ஒன்றுதான் அசைகிறது. வேகத்தைக் காட்டிக்கொடுக்க அதில் வேறு எதுவும் இல்லை.

நான் செய்வது இதுதான். முள் இறங்கத் தொடங்குவதை உண்மையான வேகத்தில் எட்டு விநாடி காட்டுகிறேன். பிறகு நேரம் தாண்டுவது கண்ணுக்குத் தெரியும்படி ஒரு மாற்றம். படம் மங்கி, திரையில் ஒரு கடிகார முகமும் "முள் 0-க்கு வரும்வரை காத்திருக்கவும்" என்ற வரியும் வரும். மீண்டும் கடைசி எட்டு விநாடி உண்மை வேகத்தில். முள் பூஜ்யத்தைத் தொட்டதும் வெட்டாமல் இன்னும் மூன்று விநாடி விடுவேன், அது அங்கேயே நிற்கிறதா என்று பார்க்க. நான்காவது படியில் மூடிய வால்வு சரியாக மூடாமல் காற்று கசிந்தால் முள் மீண்டும் ஏறும். அதைப் பார்க்கும் பழக்கம் அந்த மூன்று விநாடியில்தான் வரும். இந்தப் பகுதி முழுவதும் "6 / 8" என்ற எண் மூலையில் அப்படியே இருக்கும். "நாற்பது விநாடி காத்திருங்கள்" என்று மட்டும் நான் எழுத மாட்டேன். குழாய் நீளமானால், வால்வு பழையதானால் நேரம் மாறும். நம்ப வேண்டியது முள்ளைத்தான். வேகக் கட்டுப்பாட்டு டிரைவ்களில் மின்தேக்கிகள் மின்னிழக்க எடுக்கும் நேரம் போல, தயாரிப்பாளரே உறையில் நிமிடக் கணக்கை அச்சிட்டிருந்தால், அந்த எண்ணைத்தான் திரையில் எழுத வேண்டும்.

கற்பவருக்கான இடைநிறுத்தத்துக்கு வேறு தோற்றம். படம் உறையும், சற்று மங்கும், ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டை நிரம்பிக்கொண்டே வரும். பட்டை இல்லாவிட்டால் வீடியோ சிக்கிக்கொண்டது என்று நினைத்து யாராவது எழுந்து வந்து சுட்டியை அசைப்பார்கள். உறைய வைக்க `Premiere`-ல் `Insert Frame Hold Segment` இருக்கிறது, மற்ற மென்பொருள்களிலும் இதற்கு இணையானது உண்டு. நிறைய கிளிப்புகளை ஒரே மாதிரிச் செய்ய வேண்டியிருந்தால் `ffmpeg` போதும். இது கடைசி ஃப்ரேமை ஐந்து விநாடி நீட்டுகிறது. ஒலியைப் பிறகு டைம்லைனில் சேர்ப்பதால் இங்கே நீக்கிவிடுகிறேன்.

```
ffmpeg -i step4.mp4 -vf "tpad=stop_mode=clone:stop_duration=5" -an step4_hold.mp4
```

எந்த ஃப்ரேமை உறைய வைப்பது என்பதில்தான் கவனம் தேவை. மனதில் ஆழமாகப் பதிவது அந்த ஐந்து விநாடிப் படம்தான். கை இன்னும் வால்வின் மேல் இருக்கும்போது உறைய வைத்தால், மூடுகிறாரா, மூடிவிட்டாரா, திறக்கிறாரா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கை உருளைக்கு அருகே கடந்துபோகும் கணத்தில் உறைந்துவிட்டால் இன்னும் மோசம், இருக்கக் கூடாத இடத்தில் கை ஐந்து விநாடி இருக்கிறது. செயல் முடிந்து, கை விலகி, பொருளின் முடிவான நிலை தெளிவாகத் தெரியும் ஃப்ரேம்தான் வேண்டும். வால்வின் கைப்பிடி குழாய்க்குக் குறுக்காக நிற்கிறது, ஐசொலேட்டர் OFF எழுத்தைக் காட்டுகிறது, பூட்டின் வளையம் முழுதாக மூடியிருக்கிறது. அசைவு மங்கல் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்ப்பேன். கிளிப்பின் வேகம் டைம்லைனின் வேகத்தோடு பொருந்தாவிட்டால் மென்பொருள் இரண்டு ஃப்ரேமைக் கலந்து உறைய வைக்கும், கைப்பிடி இரண்டாகத் தெரியும். அந்தக் கலப்பை அமைப்பில் அணைத்துவிட வேண்டும்.

இடைநிறுத்தத்தின் ஒலியைப் பலரும் கவனிப்பதில்லை. உறைந்த படத்துக்கு அடியில் முழு அமைதி இருந்தால் ஒலிபெருக்கி போய்விட்டதோ என்று தோன்றும். அதனால் அந்த இடத்தின் பின்னணி ஒலியை அங்கே பரப்புவோம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. படப்பிடிப்பில் பதிவு செய்த பின்னணி ஒலி பெரும்பாலும் காலையில், கன்வேயர் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்ததாக இருக்கும். அதை ஐந்தாவது படிக்கு அடியில் போட்டால், மின்சாரத்தை அடைத்துப் பூட்டும் போட்ட பிறகும் மோட்டாரின் ரீங்காரம் கேட்கிறது. பூட்டிய இயந்திரத்திலிருந்து சத்தம் வந்தால் நின்று விசாரிக்க வேண்டும் என்று கற்பிக்க வேண்டிய இடத்தில், அந்தச் சத்தம் சாதாரணம் என்று காதுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். இரண்டாவது படிக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று இரண்டு பின்னணி ஒலிகள் கட்டாயம் வேண்டும். படப்பிடிப்புக் குழுவிடம் நான் எழுதிக் கொடுக்கும் குறிப்பில் இது முதல் வரி.

எல்லாப் படிக்குப் பிறகும் இடைநிறுத்தம் தேவையா? தேவையில்லை. எட்டுப் படிக்கும் ஒரே அளவு இடைவெளி வைத்தால் மூன்றாவதிலேயே மனம் அந்தத் தாளத்துக்குப் பழகி வேறு எங்கோ போய்விடும். இந்த வீடியோவில் மூன்று இடங்களில் வைத்தேன். நான்காவது படிக்குப் பிறகு, ஏனென்றால் அங்கே இரண்டு ஆற்றல் வழிகளும் அடைபட்டிருக்கின்றன, இரண்டையும் ஒரே படத்தில் காட்டலாம். ஐந்தாவதுக்குப் பிறகு, பூட்டையும் டேகையும் நெருங்கிப் பார்க்க. மூன்றாவது இடம் ஏழாவது படிக்கு முன்னால். அங்கே குரல் கேட்கிறது: "இப்போது சுவிட்சை ON பக்கம் திருப்பினால் என்ன நடக்க வேண்டும்?" ஆறு விநாடி இடைவெளி. அதற்குப் பிறகுதான் தொழிலாளி சுவிட்சைத் திருப்புகிறார், எதுவும் நடக்கவில்லை. கேள்வி இல்லாமல் அதே காட்சியைக் காட்டினால் எதுவும் நடக்காததைப் பார்க்க யாருக்கும் தோன்றாது. எதிர்பார்த்துக் காத்திருப்பவருக்குத்தான் அசையாத பெல்ட் ஒரு பதிலாகத் தெரியும்.

வீடியோவைத் துண்டு துண்டாகக் காட்டுவதைப் பற்றி ரிச்சர்ட் மேயரும் பால் சாண்ட்லரும் 2001-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு வழிகாட்டியாக இருந்திருக்கிறது. மின்னல் எப்படி உண்டாகிறது என்று விளக்கும் ஓர் அசைவூட்டப் படத்தை 16 துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் முடிவிலும் பார்ப்பவர் பொத்தானை அழுத்தினால்தான் அடுத்தது ஓடும்படி வைத்தார்கள். தொடர்ச்சியாகப் பார்த்தவர்களைவிடத் துண்டுகளாகப் பார்த்தவர்கள், கற்றதைப் புதிய கேள்விக்குப் பயன்படுத்துவதில் நன்றாகச் செய்தார்கள். அங்கே இடைநிறுத்தத்தின் நீளத்தை முடிவு செய்தது கற்பவர்தான் என்பது முக்கியம். பயிற்சித் தளத்தில் தனியாகப் பார்க்கும் வீடியோ என்றால் நானும் பட்டையை எடுத்துவிட்டு "தொடர்க" பொத்தானை வைத்துவிடச் சொல்வேன். ஒரு அறையில் இருபது பேர் சேர்ந்து பார்க்கும்போது அது முடியாது. அந்தப் பதிப்பில் நேரம் நான் வைப்பதுதான், அதை மெதுவாகப் படிப்பவரை மனதில் வைத்து வைக்க வேண்டும். திரையில் இருக்கும் எழுத்தை நிதானமாக வாய்விட்டு இரண்டு முறை படித்து, அதற்கு ஆகும் நேரத்தையே அளவாக எடுத்துக்கொள்கிறேன். நான்கு முதல் ஆறு விநாடிக்குள் வரும். அதற்கு மேல் போனால் எழுத்து அதிகம் என்று அர்த்தம், எழுத்தைக் குறைக்கிறேன்.

வேலை முடிந்ததும் இரண்டு பேரிடம் காட்டுவது வழக்கம். அந்த இயந்திரத்தில் பல வருடம் வேலை செய்தவர் ஒருவர். அவருக்கு எண்களும் இடைவெளியும் கண்ணில் படாது, ஆனால் "அண்ணே, இங்கே வால்வு பாதிதான் மூடியிருக்கு" என்று நிலைகளில் இருக்கும் தவறைச் சட்டென்று பிடிப்பார். இன்னொருவர் அந்த வேலையைச் செய்தே பார்க்காதவர். அவருக்கு முதலில் ஒலியை அணைத்துக் காட்டுவேன். ஒவ்வொரு இடைநிறுத்தத்திலும் "இதுவரை என்ன ஆச்சு, எந்தெந்த வழி மூடியிருக்கு?" என்று கேட்பேன். பதில் சொல்ல அவர் பின்னால் ஓட்டிப் பார்க்கக் கையை நீட்டினால், அந்த இடத்தில்தான் இடைவெளியோ வளையமோ குறைகிறது. இந்தக் கன்வேயர் வீடியோவில் அவர் கையை நீட்டியது ஆறாவது படியில். சிலிண்டரிலும் காற்று தேங்கியிருக்கும் என்பது படத்தில் எங்குமே தெரியவில்லை, அழுத்தமானி மட்டும்தான் தெரிந்தது. முள்ளின் ஷாட்டுக்கு முன் சிலிண்டரின் ஒரு ஷாட்டையும், அதன் தண்டு தளர்வதையும் சேர்த்த பிறகு கேள்வி வரவில்லை. பார்த்து முடித்ததும் அவர் எட்டையும் சொல்லிவிட்டால்கூட இயந்திரத்தில் விட முடியாது. பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, தன் கையால் பூட்டிக் காட்ட வேண்டும். அதற்கு முந்தைய நாள் பார்க்கும் வீடியோ இது.

பூட்டைத் திறந்து இயந்திரத்தை மீண்டும் ஓட்டும் பகுதியை இதே வீடியோவின் பின்பாதியாக 9, 10, 11 என்று தொடரச் சொல்லி அடிக்கடி கேட்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு முழு ஷிப்டு போயிருக்கலாம், ஆளே மாறியிருக்கலாம். பூட்டிய படிகளைத் தலைகீழாகச் செய்வதும் அல்ல அது. கருவிகளை எண்ணி எடுக்க வேண்டும், காப்புத் தகடுகளைத் திரும்ப மாட்ட வேண்டும், எல்லோரும் விலகிவிட்டார்களா என்று பார்க்க வேண்டும், செலக்டர் சுவிட்ச் OFF-ல் இருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். அதற்கு வேறு அட்டை இருக்கிறது. எண்ணும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. அதனால் அது தனி வீடியோ, தனிக் கோப்பு. மூலையில் இருக்கும் வட்டத்துக்குப் பக்கத்தில் "திறத்தல்" என்று எழுதி வைக்கிறேன், "3 / 7" என்பதைப் பார்த்து யாரும் பூட்டும் வரிசையின் மூன்றாவது படி என்று எடுத்துக்கொள்ளாமல் இருக்க.